பற்றுச்சீட்டு கேட்காத மானியத்துக்கு விலை போடுவது

"எங்களுடையது சிறிய நிறுவனம். அமெரிக்க அரச நிதியில் ஓர் உபமானியம் கிடைக்கப் போகிறது. தொகை நிலையானது, மைல்கல்லை முடித்தால்தான் பணம், பற்றுச்சீட்டு கேட்கமாட்டோம் என்கிறார்கள். இதுவரை செலவுக் கணக்குக் காட்டித்தான் பழக்கம். இதற்குப் பட்ஜெட்டை எப்படிப் போடுவது, எப்படிக் காட்டுவது?"

நீங்கள் வழக்கமாகப் போடும் பட்ஜெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அதே சம்பளம், அதே வாகன வாடகை, அதே தேநீர்ச் செலவிலிருந்துதான் இங்கேயும் தொடங்க வேண்டும். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது. செலவுக் கணக்கு மானியத்தில் பட்ஜெட் ஓர் உச்சவரம்பு. கூடினால் நீங்கள் பேச வேண்டும், குறைந்தால் மிச்சம் அவர்களுக்குத் திரும்பிப் போகும். இங்கே பட்ஜெட் ஒரு விலை. ஒப்புக்கொண்ட பிறகு உண்மையில் எவ்வளவு செலவானது என்பதை வழமையாக யாரும் பார்க்கப் போவதில்லை. விலையைக் குறைத்துப் போட்டால் நட்டம் உங்கள் தலையில். சரியாகப் போட்டுச் சிக்கனமாகச் செய்தால் மிச்சம் உங்களுடையது. அமெரிக்க மானிய விதிகளில், அதாவது 2 சிஎஃப்ஆர் 200இல், 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வேலை ஒப்புக்கொண்டபடி முடிந்திருந்தால் செலவாகாத தொகைக்கு நிதி பெற்றவரே உரியவர். உபமானியத்தை இந்த வகையில் கொடுக்கக்கூடிய உச்சத் தொகையும் அதே திருத்தத்தில் 2,50,000 டொலரிலிருந்து 5,00,000 டொலராக உயர்ந்தது. ஆனால் உங்களுக்குக் கொடுக்கும் நிறுவனம் அதற்கு நிதி வழங்கும் அமைப்பின் எழுத்துமூல முன்அனுமதியைப் பெற்றிருக்க வேண்டும். அது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். வன்னியில் மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளில் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு நடமாடும் சேவை நடத்தும் ஒரு வருடத் திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 நடமாடும் சேவைகள், 600 விண்ணப்பங்கள். இணைப்பாளர், இரண்டு கள உத்தியோகத்தர், அரைநேரக் கணக்காளர் ஆகியோரின் சம்பளம், அதற்குரிய சேமலாப நிதியும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும், கள அலுவலக வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 3 இலட்சம் ரூபாய். ஒரு நடமாடும் சேவைக்குக் கூடாரம், கதிரை, சாப்பாடு, வான், போட்டோப் பிரதி எல்லாமாக 1,10,000. ஒரு விண்ணப்பத்துக்குப் படம், முத்திரை, பஸ் காசு, இரண்டாம் தடவை அலைச்சல் என்று 900. கூட்டினால் 54.6 இலட்சம். அதன் மேல் 15 வீதம் மறைமுகச் செலவு. பேச்சுவார்த்தையில் தீர்மானித்த தனி வீதம் இல்லாத நிறுவனங்கள் கேட்கக்கூடிய உச்ச வீதம் அது, 2024 அக்டோபருக்கு முன் 10 ஆக இருந்தது. விதிப்படி வாடகை போன்ற சில வரிகளைக் கழித்துவிட்டுத்தான் இந்த வீதத்தைப் போட வேண்டும், இங்கே கணக்கு எளிதாக இருப்பதற்காக முழுவதன் மேலும் போடுகிறேன். ஆக மொத்தம் 62.79 இலட்சம்.

இங்கே பலரும் செய்வது, மொத்தத்தை நான்கால் வகுத்து, காலாண்டுக்கு ஒரு மைல்கல் என்று 15.7 இலட்சம் வீதம் எழுதிக் கொடுப்பது. பார்க்க அழகாக இருக்கும். நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். சம்பளம் மாதா மாதம் போகிறது. மைல்கல் அறிக்கை கொடுத்து, அவர்கள் பார்த்து, ஒப்புக்கொண்டு, பணம் வங்கிக்கு வர ஒரு மாதம் ஆகிறது. இந்த உதாரணத்தில் முதல் 15.7 இலட்சம் நாலாம் மாத முடிவில்தான் கையில் வரும், அதற்குள் 20.4 இலட்சம் போயிருக்கும். ஏழாம் மாத முடிவில், இரண்டாம் கொடுப்பனவு வருவதற்கு முதல் நாள், நிறுவனம் தன் கையிலிருந்து போட்டிருக்கும் பணம் ஏறத்தாழ 25 இலட்சம். சிறு நிறுவனத்திடம் அவ்வளவு இருக்காது. அப்போதுதான் வேறு திட்டத்துப் பணத்தில் கை வைப்பார்கள். பிறகு அந்தத் திட்டத்தின் கணக்காய்வில் மாட்டிக்கொள்வார்கள்.

அதனால் மொத்தத்தை வகுக்காதீர்கள். மாத வாரியாகச் செலவை எழுதி, கூட்டிக்கொண்டே போங்கள். பிறகு ஒவ்வொரு மைல்கல்லுக்கும் ஒரு கேள்வி: இதற்கான பணம் வங்கியில் விழும் நாளில் நாங்கள் மொத்தம் எவ்வளவு செலவழித்திருப்போம்? அதுவரை வரவேண்டிய கொடுப்பனவுகளின் கூட்டுத்தொகை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மைல்கல்லை எட்டிய நாளின் செலவை எடுத்தால் ஒரு மாதம் பின்தங்கியே இருப்பீர்கள். இந்தத் திட்டத்தில் முதல் இரண்டு மாதம் ஆயத்தம், மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை மாதம் இரண்டு சேவைகள், விண்ணப்பங்கள் பத்தாம் மாதம் வரை. அந்த வழியில் போட்டால் அட்டவணை இப்படி வரும்:

| மைல்கல் | எட்டும் மாதம் | தொகை (இலட்சம் ரூபாய்) |
|---|---|---|
| 1. வேலைத்திட்டம், நியமனக் கடிதங்கள், மூன்று பிரதேச செயலகங்களின் சம்மதக் கடிதம் | 1 | 8 |
| 2. முதல் 2 நடமாடும் சேவைகள் | 3 | 12 |
| 3. மொத்தம் 6 சேவைகள் | 5 | 13 |
| 4. மொத்தம் 10 சேவைகள் | 7 | 13 |
| 5. மொத்தம் 12 சேவைகள், 450 விண்ணப்பங்கள் | 8 | 6 |
| 6. மொத்தம் 600 விண்ணப்பங்கள் | 10 | 7 |
| 7. இறுதி அறிக்கையும் முடிவுச் சான்றுரையும் | 12 | 3.79 |

அதே வேலை, அதே மொத்தம். ஆனால் கையிலிருந்து போட வேண்டிய உச்சத் தொகை 25 இலட்சத்திலிருந்து 14.4 இலட்சமாக இறங்கிவிடுகிறது. அதுவும் அதிகமென்றால் சேவை நடக்கும் மாதங்களில் மாதம் ஒரு மைல்கல் கேளுங்கள், அல்லது அறிக்கை கொடுத்த 15 நாளில் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். மைல்கல் கூடக் கூட அறிக்கை எழுதும் வேலையும் கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் மைல்கல் காகித வேலையாக இருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். தொடக்கச் செலவுக்குச் சிறு தொகை கிடைப்பதற்காக இப்படி வைப்பது வழக்கம்தான். ஆனால் அதில் மொத்தத்தின் கால்வாசியைக் கேட்டால் அது முற்பணம் போலத் தெரியும், திருப்பி அனுப்புவார்கள். கடைசி மைல்கல்லைச் சிறிதாக வைப்பதற்கும் காரணம் உண்டு. இறுதி அறிக்கைதான் அதிகம் இழுபடும். அதில் 15 இலட்சம் மாட்டிக்கொண்டால் ஊழியரின் கடைசி மாதச் சம்பளமும் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது மைல்கல்லை எழுதும் விதம். பணம் போவதும் வருவதும் இந்த வாக்கியங்களில்தான். திட்ட முன்மொழிவில் "600 பேர் சட்டபூர்வ ஆவணங்களைப் பெறுவர்" என்று எழுதியிருப்பீர்கள். அதை அப்படியே மைல்கல்லாக எழுதிவிட்டால் உங்கள் பணம் பதிவாளர் அலுவலகத்தின் கையில். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அலுவலகம் எத்தனை மாதம் எடுக்கும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. பழைய பதிவேடு கிடைக்காமல் போனால் உத்தேச வயதுச் சான்றிதழ் வழியாகப் போக வேண்டும், அது இன்னும் இழுக்கும். ஆகவே உங்கள் கையில் முடிகிற இடத்தில் மைல்கல்லை நிறுத்துங்கள்: விண்ணப்பம் முழுமையாக நிரப்பப்பட்டு, இணைப்புகளோடு உரிய அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது என்பதை அறிக்கையில் சொல்லுங்கள், பணத்தோடு கட்டாதீர்கள். நிதி கொடுப்பவர் "எங்களுக்கு விளைவுதான் முக்கியம்" என்பார். அதில் நியாயம் உண்டு. வேண்டுமானால் மிகச் சிறிய தொகை ஒன்றை விளைவில் வைக்கலாம். சம்பளத்துக்கான பணத்தை அங்கே வைக்கக்கூடாது.

மறுபக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "சமூகத்தில் விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது" என்று எழுதினால் முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகம் எப்போதும் பணம் வாங்குபவருக்கு எதிராகவே தீரும். நான் பார்க்கும் சோதனை இதுதான்: உங்களையும் திட்டத்தையும் தெரியாத ஒருவர், கொழும்பில் ஒரு மேசையில் இருந்துகொண்டு, நீங்கள் அனுப்பிய காகிதங்களை மட்டும் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியுமா? மூன்றாம் மைல்கல்லை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

"திட்டத் தொடக்கத்திலிருந்து மொத்தம் 6 நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்தது 40 பேர் பதிவுசெய்யப்பட்டனர். சான்று: சேவை ஒவ்வொன்றுக்கும் நாள், இடம், கிராம அலுவலர் பிரிவு கொண்ட ஒரு பக்கக் குறிப்பு, பதிவு இலக்கத்துடன் கூடிய வருகைப் பட்டியல், பெயர்கள் மறைக்கப்பட்டது, கிராம அலுவலர் கையொப்பமிட்ட உறுதிப்படுத்தல், திகதியுள்ள இரண்டு படங்கள்."

உங்கள் திட்டம் 80 பேர் என்றாலும் மைல்கல்லில் 40 என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். மழை பெய்யும், கோயில் திருவிழா வரும், அரிசி நிவாரணம் கொடுக்கிற அதே நாளில் உங்கள் சேவையும் விழும். அன்றைக்கு 55 பேர் வந்தால் மைல்கல் தோற்றுவிடக்கூடாது. பெயர்களை மறைத்ததற்கும் காரணம் உண்டு. ஆவணமில்லாதவர்களின் பட்டியல் கண்ட கண்ட மின்னஞ்சல்களில் சுற்றுவது நல்லதல்ல. மூலப் பட்டியல் உங்கள் அலுமாரியில் இருக்கட்டும், பார்க்க வேண்டுமென்றால் வந்து பார்க்கட்டும்.

"600 விண்ணப்பங்கள்" என்று மொட்டையாக எழுதினால் 572இல் நின்றுவிடும் நாளில் என்ன நடக்கும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விதி என்னவோ நியாயமானது: செய்யாத பகுதிக்கு ஏற்பத் தொகையைக் குறைக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது, முழுவதையும் மறுக்கச் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் மைல்கல் முழுமையாகாதவரை கொடுப்பனவு நகராது. ஆகவே எண்ணக்கூடிய வேலைக்கு அலகு விலை வையுங்கள். விதியே அனுமதிக்கும் வழி அது: பல தவணை, அலகு விலை, முடிவில் ஒரே கொடுப்பனவு என்ற மூன்றில் ஒன்று. ஆறாம் மைல்கல்லுக்குக் கீழே "எண்ணிக்கை குறைந்தால் குறைந்த விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் 1,035 ரூபாய் கழிக்கப்படும்" என்ற ஒரு வரி போதும். 900உம் அதன் 15 வீதமும் அது. 28 குறைந்தால் 28,980 ரூபாய் போகும், 7 இலட்சமும் தொங்காது.

இப்போது காட்டும் விதம். மூன்று தாள் தயாரியுங்கள். முதலாவது உங்கள் விரிவான பட்ஜெட். ஒவ்வொரு வரிக்கும் அலகு, எண்ணிக்கை, விலை, அந்த விலை எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு. வான் வாடகைக்கு மூன்று விலைக்கோரல், சம்பளத்துக்கு நடப்பு நியமனக் கடிதம், சாப்பாட்டுக்குப் போன வருடப் பற்றுச்சீட்டு. செலவுக்கு மேல் இலாபம் வைக்கவில்லை என்று அவர்களுக்கு நம்பிக்கை வருவது இந்தக் குறிப்புகளில்தான், ஏனென்றால் பிறகு சரிபார்க்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. பழைய பற்றுச்சீட்டுகள் இங்கேதான் உதவும். "எதிர்பாராச் செலவு 10 வீதம்" என்று ஒரு வரி போட்டுவிடாதீர்கள். அமெரிக்கச் செலவு விதிகளில் அப்படிப்பட்ட ஒதுக்கு நிதிக்குப் பொதுவாக இடமில்லை, பேச்சே அந்த வரியில் சிக்கிக்கொள்ளும். வான் வாடகை கூடப் போகிறது என்று நினைத்தால் கூடிய விலைக்கோரலையே காட்டி அந்த விலையைப் போடுங்கள்.

இரண்டாவது தாள்தான் நீங்கள் இதுவரை செய்திராதது. இடப்பக்கத்தில் செலவு வரிகள், மேலே ஏழு மைல்கற்கள். ஒவ்வொரு செலவும் எந்த மைல்கல்லில் எவ்வளவு போகிறது என்று பிரித்து எழுதுங்கள். குறுக்கே கூட்டினால் பட்ஜெட் வரி வரவேண்டும், கீழே கூட்டினால் மைல்கல்லின் விலை வரவேண்டும். "இரண்டு நடமாடும் சேவைக்கு 12 இலட்சமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். தாளைக் காட்டிப் பதில் சொல்லலாம்: மூன்றாம், நாலாம் மாதச் சம்பளமும் அலுவலகமும் 6 இலட்சம், அந்த இரண்டு மாதத்து நான்கு சேவைகளும் விண்ணப்பங்களும் 5.75 இலட்சம், மறைமுகச் செலவோடு 13.5. முதல் மைல்கல்லில் ஏற்கெனவே ஓர் இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல் கூடுதலாக வாங்கியிருப்பதால் அதைக் கழித்து 12 என்று வட்டமாக்கினோம், வட்டமாக்கியதைக் கடைசி மைல்கல் சரிசெய்கிறது. இந்தத் தாள் இல்லாமல் போனவர்கள் "பேரம் பேசி 9க்கு வந்தோம்" என்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, மைல்கல் அட்டவணை: விவரம், சான்று, நாள், தொகை. ஒப்பந்தத்தில் இணைக்கப்பட வேண்டியது இது மட்டும்தான். முதல் இரண்டும் விலை பேசுவதற்கான ஆதாரம், பேச்சோடு அவற்றின் வேலை முடிந்தது. இதில் பிடிவாதமாக இருங்கள். விரிவான பட்ஜெட்டையும் இணைப்பாகச் சேர்த்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அவர்களின் புதிய நிதி உத்தியோகத்தர் ஒருவர் "போட்டோப் பிரதி வரியில் 40 வீதம்தான் செலவாகியிருக்கிறது, விளக்கம் தரவும்" என்று மின்னஞ்சல் அனுப்புவார். எனக்கு வந்திருக்கிறது. ஒப்பந்தம் ஒன்று, பழக்கம் இன்னொன்று.

ரூபாயில் விலை போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியில் நான் வேலை செய்த இடத்தில் ஒரு நிலையான தொகை மானியத்துக்கு ரூபாயில் கையொப்பமிட்டோம். அப்போது டீசல் லீற்றர் 121 ரூபாய். ஜூன் கடைசியில் 460. டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. கொடுத்தவர் பக்கம் அதே டொலருக்கு ரூபாய் பெருகியது, எங்கள் மைல்கல் விலை அசையவில்லை. செலவுக் கணக்கு மானியமாக இருந்திருந்தால் வரி மாற்றம் கேட்டு ஓரளவு சமாளித்திருக்கலாம். இங்கே ஒரே வழி, இன்னும் எட்டாத மைல்கற்களின் விலையை எழுத்துமூலத் திருத்தத்தால் மாற்றுவது. ஏப்ரலில் புதிய விலைக்கோரல்களோடு கேட்டோம், கிடைத்தது. ஆனால் மார்ச்சில் ஏற்கெனவே சமர்ப்பித்த மைல்கல்லுக்கு ஒரு சதம்கூடக் கூடவில்லை. ஆகவே "எரிபொருள் விலை அல்லது நாணயமாற்று 15 வீதத்துக்கு மேல் மாறினால் மீதி மைல்கற்களின் விலை மீளாய்வு செய்யப்படும்" என்பது போல ஒரு வாசகத்தைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். தரமாட்டார்கள் என்றாலும் கேட்டது பதிவில் இருக்கும்.

பற்றுச்சீட்டு விஷயத்தில் ஒரு தப்பான எண்ணம் ஓடுகிறது. அவர்கள் கேட்கமாட்டார்கள் என்றால் அனுப்ப வேண்டியதில்லை என்று மட்டும்தான் அர்த்தம். வைத்திருக்கத்தான் வேண்டும். உள்ளூர்க் கணக்காய்வாளர் கேட்பார், அது ஒன்று. முடிவில் நீங்கள் கையொப்பமிடும் சான்றுரையில், வேலை ஒப்புக்கொண்டபடி முடிந்தது என்பதோடு செலவுகள் அனுமதிக்கத்தக்கவை என்றும் உறுதி சொல்கிறீர்கள். கையில் காகிதம் இல்லாமல் அந்தக் கையொப்பத்தைப் போடாதீர்கள்.

இன்னொரு காரணம் 2025இல் எல்லோருக்கும் தெரிந்தது. ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்க வெளிநாட்டு உதவி 90 நாளுக்கு நிறுத்தப்பட்டது, பிறகு ஏராளமான மானியங்கள் இடையிலேயே முடிக்கப்பட்டன. நிலையான தொகை மானியத்தில் இருந்தவர்கள் இரண்டு மைல்கல்லுக்கு நடுவில் நின்றார்கள். மூன்று சேவை நடத்தி முடித்தவருக்கு ஆறாவது நடக்காததால் மைல்கல் எட்டவில்லை, ஆனால் சம்பளமும் வானும் போய்விட்டது. உண்மைச் செலவைப் பார்ப்பதில்லை என்ற விதிக்கு விலக்கு இருப்பது இங்கேதான், இடையில் முடிக்கப்பட்டால் பார்க்கலாம். அந்த நேரத்தில் மைல்கல் அட்டவணை கைகொடுக்காது, மாத வாரிப் பற்றுச்சீட்டுக் கோப்புத்தான் பேசும். கையொப்பமிடும் முன் ஒப்பந்தத்தில் முடிவுறுத்தல் பிரிவைத் தேடிப் படியுங்கள். நிறுத்தச் சொன்ன நாள் வரை பாதியில் இருக்கும் மைல்கல்லுக்கான செலவையும், ரத்துச் செய்ய முடியாத கடப்பாடுகளையும் கொடுப்பார்களா என்று அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் 14.4 இலட்சம் என்ற அந்த உச்ச இடைவெளியை உங்கள் பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் வைத்து, "இது திரும்பி வராமல் போகலாம், தாங்குவோமா?" என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.